முன்கதை, தொடர்ச்சி, மறுதொடக்கம், மறுஆக்கம், கிளைக்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பில்லா 2-னு பேரு வச்சிருக்காங்க. அப்போ அது அடுத்த பாகம்தானே? கதை ஏன் பின்னால போகுது?"

தலைப்பில் இருக்கும் எண், படம் வெளிவந்த வரிசையைக் காட்டுகிறதே தவிர, கதை நிகழும் வரிசையைக் காட்டுவதில்லை. 2007-இல் வந்த 'பில்லா'வில் டேவிட் பில்லா ஏற்கெனவே உலகம் தேடும் கடத்தல்காரன். 2012-இல் வந்த 'பில்லா 2' அவன் இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்குவதில் தொடங்கி, அந்த நிலைக்கு எப்படி உயர்ந்தான் என்று சொல்கிறது. ஆகவே அது பிரீக்குவல், அதாவது முன்கதை. எண் போட்டிருந்தும் பழைய கதையோடு எந்த உறவும் இல்லாத படங்களும் உண்டு. 2012-இல் வந்த 'பீட்சா'வுக்கும் அடுத்த ஆண்டு வந்த 'பீட்சா 2: வில்லா'வுக்கும் கதையளவில் தொடர்பே கிடையாது.

சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபத்தில் கூடிப் படம் பார்த்துப் பேசும் எங்கள் குழுவில் இந்த ஐந்து பெயர்களும் அடிக்கடி மாறி மாறிப் புழங்குகின்றன. அவற்றைப் பிரித்தறிய நாங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறோம். பழைய கதையில் நடந்தவை நடந்தவைதாம் என்று புதிய கதை ஒப்புக்கொள்கிறதா என்பது முதற்கேள்வி. ஒப்புக்கொண்டால், புதிய நிகழ்ச்சிகள் அவற்றுக்குப் பின்னால் நிகழ்கின்றனவா (சீக்குவல், தொடர்ச்சி), முன்னால் நிகழ்கின்றனவா (முன்கதை), அல்லது ஒரு துணைப்பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் செல்கின்றனவா (ஸ்பின்-ஆஃப், கிளைக்கதை) என்று பார்க்க வேண்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அதே நிகழ்ச்சிகளை மறுபடியும் சொல்கிறதா (ரீமேக், மறுஆக்கம்), அல்லது அதே நாயகனை வைத்துக்கொண்டு அவனுடைய வரலாற்றை முதலிலிருந்து வேறாக எழுதுகிறதா (ரீபூட், மறுதொடக்கம்) என்பது இரண்டாம் கேள்வி.

கீழே பல படங்களின் முடிவுகள் மறைக்கப்படாமல் வருகின்றன. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

"பில்லா செத்துட்டானா இல்லையா? இந்தியில ஒரு மாதிரி, தமிழ்ல ஒரு மாதிரி இருக்கே?"

இதை விடச் சிறந்த பாடம் இந்தத் துறையில் கிடைப்பது அரிது என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். கதையின் வேர் 1978-இல் வந்த 'டான்' என்னும் இந்திப் படம். கடத்தல் தலைவன் ஒருவன் காவல்துறையினர் துரத்தும்போது அடிபட்டு இறக்கிறான். ஓர் அதிகாரி அந்தச் சாவை மறைத்து, அவனைப் போலவே தோற்றமுள்ள ஏழை ஒருவனைப் பயிற்றுவித்துக் கும்பலுக்குள் அனுப்புகிறார். உண்மை தெரிந்த ஒரே மனிதரான அந்த அதிகாரியும் இறந்துபோக, தான் தலைவன் அல்லன் என்று நிரூபிக்க முடியாமல் அந்த ஏழை தவிக்கிறான். இதைத்தான் 1980-இல் ரஜினிகாந்த் நடித்த 'பில்லா' தமிழில் சொன்னது. 2007-இல் விஷ்ணுவர்தன் இயக்கத்தில் அஜித் நடித்த 'பில்லா' மலேசியாவுக்குக் கொண்டுவந்து சொன்னது. பத்துமலையில் எடுத்த பாடலை நம் ஊரில் பார்க்காதவர் யார்?

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று மறுஆக்கங்கள். மறுஆக்கத்தில் பெயரும் ஊரும் தொழிலும் மாறலாம். விஜய் என்று இருந்தவன் ராஜப்பா ஆகலாம், பிறகு வேலு ஆகலாம். ஆனால் நிகழ்ச்சிகளின் எலும்புக்கூடு அப்படியே நிற்கும்: தலைவன் இறக்கிறான், சாவு மறைக்கப்படுகிறது, மாற்றாள் நுழைகிறான், சாட்சி இறக்கிறார். அதே வேளையில் 1980-இல் வந்த பில்லாவுக்கு நடந்தது எதுவும் 2007-இன் பில்லாவுக்கு நடந்ததாகக் கணக்கில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு தனி உலகங்களின் மனிதர்கள்.

இப்போது திருப்பத்துக்கு வருவோம். 2006-இல் ஃபர்ஹான் அக்தர் 'டான்' படத்தை இந்தியில் மறுபடியும் எடுத்தார். அதிலும் கோலாலம்பூர் வருகிறது. கிட்டத்தட்ட முழுப் படமும் பழைய எலும்புக்கூட்டிலேயே நடக்கிறது. கடைசி நிமிடங்களில் மட்டும், மருத்துவமனையில் இறந்தவன் மாற்றாளான விஜய்தான் என்றும், இதுவரை விஜய் என்று நாம் நம்பிக்கொண்டு வந்தவன் உயிரோடு இருக்கும் டானேதான் என்றும் தெரியவருகிறது. ஒரே ஓர் உண்மை மாறியது. அதன் விளைவை அடுத்து வந்த படங்களில் பார்க்கலாம். இந்தியில் டான் உயிரோடு இருந்ததால் 2011-இல் 'டான் 2' என்ற தொடர்ச்சி எளிதாக வந்தது; அதில் அவன் மலேசியாவில் சரணடைந்து சிறைக்குப் போகிறான். தமிழில் 2007-இன் படம் பழைய முடிவையே வைத்துக்கொண்டதால் பில்லா இறந்தவன் இறந்தவன்தான். மிஞ்சியிருப்பவன் வேலு, அவனோ நல்லவன், கடத்தல் கதைக்குப் பயன்பட மாட்டான். பில்லாவை மறுபடியும் திரையில் பார்க்க வேண்டுமென்றால் அவன் இறப்பதற்கு முன்னால் போவதைத் தவிர வேறு வழியே இல்லை. இந்திக்குத் தொடர்ச்சியும் தமிழுக்கு முன்கதையும் அமைந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முடிவில் உயிரோடு இருப்பவன் யார் என்ற ஓர் உண்மை அடுத்த படத்தின் வகையைப் பெருமளவு தீர்மானித்துவிட்டது.

2006-இன் 'டான்' மறுஆக்கமா மறுதொடக்கமா என்று குழுவில் சண்டையே நடந்தது. கடைசிக் காட்சி வரைக்கும் மறுஆக்கம், அந்தக் காட்சிக்குப் பிறகு மறுதொடக்கம் என்பதே என் கருத்து. பழைய உண்மையை மறுத்ததோடு நிற்காமல், மறுத்த இடத்திலிருந்து தனக்கென்று ஒரு புதிய வரலாற்றை அது தொடங்கிக்கொண்டது.

"அப்போ தொடர்ச்சியில பழைய சங்கதிய மாத்தவே கூடாதா?"

மாற்றலாம், ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். பார்வையாளர் தம் கண்ணால் கண்டது ஒன்று. ஒரு பாத்திரம் வாயால் சொன்னது இன்னொன்று. யாரும் காட்டாமலும் சொல்லாமலும் பார்வையாளர் தாமே ஊகித்துக்கொண்டது மூன்றாவது. மூன்றாவதை மாற்றினால் யாருக்கும் கோபம் வராது, வியப்புத்தான் வரும். இரண்டாவதை மாற்ற, சொன்னவர் பொய் சொன்னார் அல்லது தவறாக அறிந்திருந்தார் என்று காட்டினால் போதும். முதலாவதை மாற்றினால் ஏமாற்றப்பட்ட உணர்வு தோன்றும்.

மூன்றாவதை மட்டும் தொட்டு வெற்றி கண்டது மலையாளத்தின் 'திரிஷ்யம் 2'. 2013-இன் 'திரிஷ்யம்' முடியும்போது, ஜார்ஜ்குட்டி கட்டி முடிக்கப்படாத காவல்நிலையத்தின் தரைக்குள் சடலத்தைப் புதைத்துவிட்டு வெளியேறுவதைப் பார்க்கிறோம். வேறு யாரும் பார்க்கவில்லை என்று படம் சொல்லவே இல்லை. நாமே அப்படி நினைத்துக்கொண்டோம். 2021-இல் வந்த தொடர்ச்சி அந்த நினைப்பில்தான் கை வைக்கிறது: அதே இரவில் வேறொரு குற்றத்தைச் செய்துவிட்டு ஓடி ஒளிந்த ஒருவன் அவரைப் பார்த்துவிட்டான். முதற்படத்தின் ஒரு காட்சியைக்கூட வெட்டவோ திருத்தவோ தேவைப்படவில்லை. மறுபடியும் முதற்படத்தைப் போட்டுப் பார்த்தால், திரைக்கு வெளியே இருட்டில் அவன் நின்றுகொண்டிருப்பதாக இப்போது தோன்றும்.

'சந்திரமுகி 2' (2023) எடுத்துக்கொண்ட வழி துணிச்சலானது. 2005-இன் படத்தில் வேட்டையன் என்று அறிந்த மன்னன் உண்மையில் மன்னனே அல்லன், மன்னனின் பெயரைச் சூடிக்கொண்ட படைத்தளபதி என்று அது சொல்கிறது. வேட்டையனின் கதை முதற்படத்தில் பிறர் வாய்வழியாக வந்த பழங்கதை என்பதால் விதிப்படி இதற்கு இடம் உண்டு. எனினும் அந்தப் பழங்கதை நம் மனத்தில் கண்ணால் கண்டதைப் போலவே பதிந்துவிட்டதால், எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒப்பவில்லை. ஆக, ஓர் உண்மை எந்த வகையைச் சேர்ந்தது என்பதோடு, அது எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதையும் எழுதுபவர் எடைபோட வேண்டியிருக்கிறது.

"இந்தியன் தாத்தாவுக்கு இப்போ என்ன வயசு?"

இந்தக் கேள்வியை நம் ஊர் மக்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 1996-இன் 'இந்தியன்' படத்தில் சேனாபதி, சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். அந்தப் படையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். போஸ் சிங்கப்பூருக்கு வந்து படையின் தலைமையை ஏற்றது 1943-இல். அந்தக் காலத்து ஆள் ஒருவரை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களுக்கு, அவருடைய வயதைக் கணக்கிடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேனாபதிக்கு 1943-இல் 20 வயது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 1996-இல் 73 ஆகிறது. வர்மம் கற்ற முதியவருக்கு அது பொருந்துகிறது. 'இந்தியன் 2' வெளிவந்த 2024-இல் 101 ஆகிறது. தொடர்ச்சி என்று சொல்லிக்கொண்ட பிறகு இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மகன் சந்துரு தந்தையின் கையால் இறந்ததும், சேனாபதி நாட்டைவிட்டு வெளியேறித் தொலைபேசியில் பேசியதும் எப்படிக் கட்டுப்படுத்துகின்றனவோ, அப்படியே ஆண்டும் கட்டுப்படுத்துகிறது.

இத்தகைய இக்கட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. கதையை 1990-களின் பிற்பகுதியிலேயே நிகழச் செய்யலாம். முதியவரை உடல் தளர்ந்தவராகவே வைத்து, செயலை வேறொருவரிடம் கொடுக்கலாம். அல்லது மறுதொடக்கமாக எழுதி, சேனாபதியை வேறொரு போராட்டத்தின் பிள்ளையாக மாற்றலாம். வயதையும் வைத்துக்கொண்டு வாலிபனின் சண்டையையும் வைத்துக்கொள்ளும்போதுதான் பார்ப்பவரின் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்குகின்றன.

"முன்கதையில ஹீரோ சாக மாட்டாருன்னு முன்னாலயே தெரிஞ்சிடுதே, அப்புறம் என்ன விறுவிறுப்பு?"

'பில்லா 2'-இல் எத்தனை துப்பாக்கிகள் வெடித்தாலும் பில்லாவுக்கு ஒன்றும் ஆகாது, ஏனெனில் அவன் எங்கே எப்படிச் சாவான் என்பதை 2007-இலேயே பார்த்துவிட்டோம். ஆகவே உயிரைப் பணயம் வைத்து விறுவிறுப்பை உண்டாக்க முயலும் முன்கதை தோற்கும். பிழைப்பானா என்ற கேள்வியை விட்டுவிட்டு, இப்படிப்பட்டவனாக எப்படி ஆனான் என்ற கேள்வியைக் கையில் எடுக்க வேண்டும். முதற்படத்தின் பில்லா அதிகம் பேசாதவன், யாரையும் நம்பாதவன். அந்தக் குணமும் நிறுவப்பட்ட உண்மைதான். எனவே முன்கதையின் தொடக்கத்தில் அவன் யாரையாவது நம்புகிறவனாக இருந்து, அந்த நம்பிக்கை உடைவதை நாம் பார்க்க வேண்டும். படம் முடியும்போது அவன் 2007-இன் முதற்காட்சியில் நிற்கும் மனிதனாகியிருக்க வேண்டும்.

முன்கதைகள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் இன்னொன்று உண்டு. பழைய கதையில் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்ட இருவரை, முன்கதையில் ஆசைக்காகச் சந்திக்க வைத்துவிடுவார்கள். பிறகு பழைய படத்தில் அவர்கள் ஏன் ஒருவரையொருவர் அறியாதவர்போலப் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு விடை கிடைக்காது. முன்கதை எழுதுகிறவர், பழைய கதையில் ஒவ்வொருவருக்கும் என்ன தெரிந்திருந்தது என்பதோடு என்ன தெரியாமல் இருந்தது என்பதையும் குறித்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

"டப்பிங், ரீமேக், ரீபூட், எல்லாம் ஒண்ணுதானே?"

டப்பிங் இந்தப் பட்டியலிலேயே சேராது. படம் அதேதான், குரல் மட்டும் வேறு.

மறுஆக்கத்துக்கு 'பாபநாசம்' (2015) நல்ல சான்று. 'திரிஷ்யம்' படத்தை எடுத்த ஜீத்து ஜோசஃபே அதைத் தமிழில் எடுத்தார். ஜார்ஜ்குட்டி சுயம்புலிங்கமாகி நெல்லைத் தமிழ் பேசினார். சடலம் போய்ச் சேர்ந்த இடம் மட்டும் மாறவில்லை. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 'திரிஷ்யம் 2'-இல் வெளிப்பட்ட சாட்சி சுயம்புலிங்கத்தைப் பார்த்தவன் அல்லன். தமிழில் தொடர்ச்சி எடுக்கப்படாதவரை, சுயம்புலிங்கத்தின் இரகசியம் யாருக்கும் தெரியாமலே இருக்கிறது. ஓர் உலகத்தின் தொடர்ச்சி, அதன் மறுஆக்கமாக அமைந்த இன்னோர் உலகத்தைக் கட்டுப்படுத்தாது.

மறுதொடக்கத்தை நம் தோட்டத்து மறுநடவோடு ஒப்பிடலாம். பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடுகிறார்கள். நிலமும் தோட்டத்தின் பெயரும் அவையேதாம், ஆனால் பழைய மரத்தின் வெட்டுக்கணக்கு இனி எதற்கும் செல்லாது. 'பேட்மேன் பிகின்ஸ்' (2005) அப்படித்தான் தொடங்கியது. 1997 வரை வந்த பேட்மேன் படங்களின் நிகழ்ச்சிகள் எதுவும் அதில் நடந்ததாகக் கொள்ளப்படவில்லை. ஆனால் எல்லா மரமும் வெட்டப்படுவதில்லை. 2006-இன் 'கேசினோ ராயல்' ஜேம்ஸ் பாண்டை அப்போதுதான் கொலை உரிமம் பெறும் புதியவனாகக் காட்டி வரலாற்றை அழித்துத் தொடங்கியது. எனினும் அவனுடைய மேலதிகாரியாக, முந்தைய பாண்டின் படங்களில் வந்த அதே ஜூடி டென்ச் நடித்தார். கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. அவரை அதே பெயர் கொண்ட வேறொருவராக எடுத்துக்கொள்வதே சரியென்று எனக்குப் படுகிறது.

"உப்பின் இப்பின் கிளைக்கதைன்னு சொல்றாங்களே, எதோட கிளை?"

பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. 'கெங்: பெங்கெம்பாராஆன் பெர்மூலா' என்ற திரைப்படம் 2009-இல் வந்தது. அந்தப் படத்துக்காக உருவான உலகத்திலிருந்து இரட்டைச் சிறுவர்களை எடுத்து, படத்துக்கு முன்னோட்டமாக 2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒரு சிறு தொடரை வெளியிட்டார்கள். கிளை முதலில் வெளியே வந்தது, அடிமரம் பிறகுதான் வந்தது. இன்று அடிமரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

கிளைக்கதை மூலக்கதையின் உண்மைகளை மறுக்காது, ஆனால் அவற்றைப் பெரும்பாலும் தொடாமல் போகும். கம்போங் டுரியான் ருந்து, பாட்டி, அக்கா ரோஸ், முத்து அங்கிள், ராஜூ எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள். ஆனால் தொடரில் இரட்டையர்கள் ஆண்டுக்கணக்காகப் பாலர்பள்ளியிலேயே படித்துக்கொண்டிருக்கிறார்கள். நகைச்சுவைத் தொடருக்கு அந்தச் சலுகை உண்டு. சேனாபதியின் வயதைக் கேட்டவர்கள் இவர்களுடைய வயதைக் கேட்பதில்லை.

"கைதி, விக்ரம் ரெண்டையும் எதுல சேர்க்கிறது?"

2022-இன் 'விக்ரம்', 2019-இன் 'கைதி'யின் தொடர்ச்சி அன்று. நாயகனும் சிக்கலும் வேறு. காவல் அதிகாரி பிஜோய் போன்ற பாத்திரங்களும் கைதியின் இரவில் நடந்தவையும் இதில் செல்லுபடியாவதால் இரண்டும் ஒரே உலகத்தில் அருகருகே நிற்கின்றன. துணைப்பாத்திரம் நாயகனாக உயரவில்லை என்பதால் கண்டிப்பான பொருளில் கிளைக்கதை என்றும் நான் சொல்ல மாட்டேன். பகிர்ந்த உலகம் என்பதே பொருத்தமான பெயர்.

"நான் ஒரு தோட்டக் கதை எழுதினேன். 1978-ல தண்டல் செத்துடுறாரு, மக சிங்கப்பூருக்குப் போயிடுறா. இப்போ இன்னொன்னு எழுதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. எப்படி எழுதட்டும்?"

முதலில் கதையை மறுபடியும் படித்து, மேலே சொன்ன மூன்று வகைகளிலும் உண்மைகளைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கதையைக் குழுவில் வாசித்தபோது நான் குறித்துக்கொண்டவை இவை. வாசகர் நேரில் கண்டவை: தண்டல் 60 வயதில் இறக்கிறார், இடக்காலை இழுத்து இழுத்து நடக்கிறார், மகள் பேருந்தில் ஏறுகிறாள். பாத்திரம் சொன்னது: பால் நிறுத்த கணக்கில் தண்டல் பணம் எடுத்தார் என்று கிராணி சொல்கிறார். வாசகர் ஊகித்தது: மகள் அவமானம் தாங்காமல் போனாள்.

தொடர்ச்சி எழுதினால், மகள் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரலாம். தண்டல் திரும்ப முடியாது. கிராணி சொன்னது பொய் என்று அவள் கண்டுபிடிக்கலாம், அவள் ஊரைவிட்டுப் போன காரணமும் வேறாக இருக்கலாம். இரண்டுக்காகவும் பழைய கதையில் ஒரு வரியைக்கூடத் திருத்த வேண்டியதில்லை.

முன்கதை எழுதினால் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 1978-இல் 60 என்றால் அவர் பிறந்தது 1918; ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனபோது அவருக்கு 25 வயது இருக்கும். கால் அங்கே ஊனமானது என்று எழுத இடம் இருக்கிறது. ஆனால் அவர் பிழைத்துத் திரும்புவார் என்று வாசகருக்குத் தெரியும் என்பதால், அவருடன் போய்த் திரும்பாதவர் யார் என்பதில் கதையின் பாரத்தை வையுங்கள். அதோடு, அந்த நாட்களைப் பற்றி 1978-இல் அவர் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதற்கும் முன்கதையிலேயே காரணம் அமைய வேண்டும்.

அதே தண்டலை இன்றைய செம்பனைத் தோட்டத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர்களை மேய்க்கும் இளைஞராகப் புதிதாக எழுதினால் அது மறுதொடக்கம். 1978-இன் சாவும் கிராணியின் குற்றச்சாட்டும் அங்கே நடந்திருக்கவே இல்லை. பழைய கதையையே மேடை நாடகமாக்கி நிகழ்ச்சிகளை வைத்துக்கொண்டால் மறுஆக்கம். இரண்டுக்கும் இப்போது அவசரமில்லை.

என்னைக் கேட்டால் கிராணியைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளைக்கதை எழுதச் சொல்வேன். அவர் அந்தக் குற்றச்சாட்டைச் சொன்னதை வாசகர் கண்டிருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முந்தைய இரவில் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தில் அவர் என்ன எழுதினார் என்பதை இதுவரை யாரும் பார்க்கவில்லை.